ஷிப்ட் முடியும்போது எழுதும் மூன்று வரிகள்

இரவு 12 மணிக்குச் சங்கு ஊதும். அரைநைட்டு ஆட்கள் வெளியேறுவார்கள், முழுநைட்டு ஆட்கள் உள்ளே வருவார்கள். கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் ஆண்டு முழுவதும் நடக்கும் காட்சி இது. வாசலில் எதிர்ப்படும் இருவர் பேசிக்கொள்வது பெரும்பாலும் இவ்வளவுதான்:

“என்னங்கண்ணா, 14 ஓட்டலாங்களா?”

“கவுண்ட் மாத்தியாச்சுங்க. ஓட்டுங்க.”

இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. 14ஆம் எண் ரிங் பிரேமில் 40ஆம் நம்பர் நூலிலிருந்து 60ஆம் நம்பருக்கு மாற்ற வேண்டிய பல்சக்கரங்களை அவருடைய ஷிப்டில்தான் மாற்றினார்கள். ஆனால் சோதனைக்கு ஓட்டிய நூல் 60க்குப் பதில் 58 காட்டியது, சக்கரத்தில் ஒரு பல் கூட்டிக் குறைத்துத் திருத்தினார்கள், திருத்திய பிறகு யாரும் மறுபடி அளந்து பார்க்கவில்லை. இந்த மூன்றும் அந்தப் பதிலில் இல்லை. சோதனைக்கு ஓட்டிய நூல் சுற்றிய காப்புகள் ஒரு டிராலி நிறைய பிரேமுக்குப் பின்னால் நிற்கின்றன. பார்வைக்கு அவை நல்ல காப்புகளேதான்.

வித்தியாசம் எவ்வளவு நுணுக்கமானது என்று பார்க்கலாம். நூலின் கவுண்டைக் கண்டுபிடிக்க ஒரு லீ, அதாவது 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து எடை போடுவார்கள். 64.8ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் வருவது கவுண்ட். 60ஆம் நம்பர் என்றால் 1.08 கிராம் நிற்க வேண்டும். 58 என்றால் ஏறக்குறைய 1.12 கிராம். இடையில் இருப்பது கிராமில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. விரலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. இரண்டும் கலந்து கோனில் ஏறி, நிட்டிங் ஆகி, சாயமும் ஏறிய பிறகுதான் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குள் வாரங்கள் ஓடியிருக்கும். எந்த ராத்திரி, எந்த பிரேம், யாருடைய ஷிப்ட் என்று தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் மேனேஜருக்கு எழுதும் சுருக்கம் இந்த இடைவெளியை அடைப்பதற்காக வந்தது. முன்பு நீளமான லாக் புத்தகத்தில் எழுதினார்கள். இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியாகப் போகிறது. எதில் எழுதினாலும் முடிந்தது, பாக்கி, தடைபட்டது என்று மூன்று தலைப்புகள். பார்க்க எளிது. முதல் தலைப்பைப் பெருமையோடு நிரப்பிவிட்டு மற்ற இரண்டில் ‘ஓகே’ என்று போடுவதுதான் வழக்கமாக நடப்பது. மேனேஜருக்கு வேண்டியது என்னவோ அந்த இரண்டில்தான் இருக்கிறது.

முடியாத வேலை ஒன்று வாய்வழிச் செய்தியில் நழுவினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி பைப்பர் ஆல்ஃபா. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வடகிழக்கே சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில், வட கடலில் நின்ற எண்ணெய், எரிவாயு மேடை அது. 1988 ஜூலை 6ஆம் தேதி அங்கே இருந்த இரண்டு கண்டன்சேட் பம்புகளில் ‘ஏ’ பம்பைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அதற்கு ஒரு அனுமதிச் சீட்டு. அதே பம்போடு சேர்ந்த பாதுகாப்பு வால்வு ஒன்றைக் கழற்றிச் சோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அதற்குத் தனியாக இன்னொரு அனுமதிச் சீட்டு. வால்வு இருந்த இடத்தில் குழாயின் வாயை ஒரு தட்டு வைத்து மூடியிருந்தார்கள்.

மாலை 6 மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம். வால்வு தயார். ஆனால் அதைத் தூக்கி மாட்ட கிரேன் அன்று மாலை கிடைக்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வேலையைத் தற்காலிகமாக நிறுத்துவதாகச் சீட்டில் எழுதி ஒப்படைத்தார்கள். பொறுப்பேற்க வந்த இரவு ஷிப்ட் ஆட்களிடம், பம்ப் பராமரிப்பில் இருக்கிறது என்ற செய்தி சேர்ந்தது. வால்வு இல்லை என்ற செய்தி சேரவில்லை.

இரவு 9.45 அளவில் ‘பி’ பம்ப் நின்றுபோனது. அதை மறுபடி ஓடவைக்க முடியவில்லை. கண்டன்சேட்டை வெளியேற்ற வழியில்லையென்றால் மொத்த மேடையின் மின் உற்பத்தியும் நிற்கும் ஆபத்து. ‘ஏ’ பம்பின் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை, ஆகவே பம்பை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் கையில் இருந்த தாளை வைத்துப் பார்த்தால் அது தப்பான முடிவு அல்ல. வால்வு இருக்க வேண்டிய இடமோ பம்புக்கு மேலே, கண்ணுக்குப் படாத உயரத்தில். சுமார் 10 மணிக்கு வாயு கசிந்து வெடித்தது. அன்றிரவு 167 பேர் இறந்தார்கள்.

கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990இல் வெளிவந்தது. 106 பரிந்துரைகள். அவற்றில் பெரும்பகுதி மேடையின் கட்டமைப்பு, தீத்தடுப்பு, மேலாண்மை பற்றியவை. விபத்துக்கு ஒரே காரணம் ஷிப்ட் மாற்றம் என்று சொன்னால் அது நியாயமல்ல. ஆனால் ஷிப்ட் சுருக்கம் எழுதுகிறவருக்கு அதில் ஒரு பாடம் நேராகக் கிடைக்கிறது. ஒரே இயந்திரத்தின் மேல் இரண்டு முடியாத வேலைகள் இருந்தன. இரண்டு வேலைகளும் இரண்டு தாளில் இருந்தன. ஒரு தாளைப் பார்த்தவருக்கு இன்னொரு தாள் இருப்பது தெரியவில்லை. ஆகவே யார் என்ன செய்தார்கள் என்ற வரிசையில் எழுதுவதைவிட எந்த இயந்திரம் என்ன நிலையில் நிற்கிறது என்ற வரிசையில் எழுதுவது உசிதம். ஃபிட்டர் செய்தது ஒரு பக்கம், எலக்ட்ரீஷியன் செய்தது இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதினால், 14ஆம் பிரேமைத் தொடப் போகிறவர் இரண்டு பக்கத்தையும் படித்து மனதுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கு யாரும் அப்படிச் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. கிரேன் இல்லாமல் நின்ற வால்வு வேலை வெறும் பாக்கி அல்ல. பாக்கி என்றால் ஆளும் பொருளும் இருக்கின்றன, நேரம் போதவில்லை என்று அர்த்தம். அடுத்த ஷிப்ட் வந்து தொடர்ந்தால் முடிந்துவிடும். தடைபட்டது என்றால் அடுத்த ஷிப்ட் எவ்வளவு முயன்றாலும் நகராது. வெளியிலிருந்து ஒரு பொருளோ, ஒரு ஆளோ, ஒரு கையெழுத்தோ வர வேண்டும். பாக்கியை அடுத்த சூப்பர்வைசருக்குச் சொன்னால் போதும். தடைபட்டதை மேனேஜருக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கிரேனையோ கையெழுத்தையோ வரவழைக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. இரண்டையும் ‘பெண்டிங்’ என்ற ஒரே பையில் போட்டுவிடுவதால் மேனேஜர் படிக்கும்போது எல்லாமே நாளைக்குத் தானாக முடிந்துவிடும் வேலைகளாகத் தோன்றுகின்றன.

மறுபடி மில்லுக்கு வருவோம். அதே அரைநைட்டில் இன்னொரு சம்பவமும் நடந்ததாக வைத்துக்கொள்வோம். ரிங் பிரேம் ஹாலுக்கு ஈரக்காற்று தரும் ஹெச். பிளான்ட்டின் விசிறி மோட்டார் இரவு 8.20க்கு எரிந்துபோனது. நூற்பில் காற்றின் ஈரப்பதம் சில்லறை விஷயமல்ல. பொதுவாக 55 முதல் 60 சதவீதம் அளவில் வைத்திருப்பார்கள். அது இறங்கினால் பஞ்சு உலர்ந்து இழை முறுக்கேறும்போதே அறுந்துகொண்டே இருக்கும், பறக்கும் பஞ்சு கூடும், சைடு பார்க்கும் பெண்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடி ஓடி இழை சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்த ஷிப்டுக்குப் பல மில்களில் போகக்கூடிய செய்தி இப்படி இருக்கும்:

“14 கவுண்ட் சேஞ்ச் முடிந்தது. 7, 8 டிராவலர் சேஞ்ச் முடிந்தது. ஹெச். பிளான்ட் மோட்டார் வைண்டிங்குக்குப் போயிருக்கிறது. வேலை நடக்கிறது. மற்றவை ஓகே.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் இதைப் படித்து எவராலும் எதையும் முடிவு செய்ய இயலாது. மோட்டார் எப்போது வரும்? அதுவரை ஹால் எப்படி ஓடும்? சூப்பர்வைசர் எதையாவது கேட்கிறாரா, வெறுமனே தகவல் சொல்கிறாரா? ‘வேலை நடக்கிறது’ என்ற சொற்றொடர்தான் இந்தச் செய்தியில் மிகவும் சந்தேகத்துக்குரியது. நடப்பது மில்லுக்குள்ளா, வைண்டிங் கடையிலா? கடை ராத்திரி பூட்டியிருந்தால் எதுவும் நடக்கவில்லை என்பதே உண்மை.

அதே ஷிப்டை ஒழுங்காக எழுதினால் இப்படி வரும்:

“அரைநைட்டு, ரிங் பிரேம் ஹால், இரவு 11.50 நிலவரம்.

முடிந்தது: 7, 8 பிரேம்கள், டிராவலர் மாற்றி முழுதாக ஓடுகின்றன.

பாக்கி: 14 பிரேம், 40இலிருந்து 60. வீலும் டிராவலரும் மாற்றியாயிற்று. முதல் சோதனையில் கவுண்ட் 58. காப்புகளை இறக்கிவிட்டு, வீலைத் திருத்தி 11.40க்கு மறுபடி ஓட்டினோம். திருத்திய பின் லீ டெஸ்ட் எடுக்கவில்லை. முழுநைட்டு சூப்பர்வைசர் 12.15க்கு எடுப்பார், நேரில் சொல்லியாயிற்று. 58 கவுண்ட் காப்புகள் 3ஆம் டிராலியில், சிவப்புச் சீட்டோடு, 14க்குப் பின்னால். ஆட்டோகோனருக்குப் போகக் கூடாது. டெஸ்ட் சரியாகும் வரை 14இன் புதுக் காப்பும் போகக் கூடாது.

தடைபட்டது: ஹெச். பிளான்ட் விசிறி மோட்டார் 8.20க்கு எரிந்தது. 9 மணிக்கு வைண்டிங்குக்கு அனுப்பினோம், நாளை மாலை 4க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். ஸ்டோரில் மாற்று மோட்டார் இல்லை. ஈரப்பதம் 8 மணிக்கு 58, இப்போது 49. இழை அதிகம் அறுந்த 11, 12 பிரேம்களை நிறுத்தியிருக்கிறோம். கார்டிங் பகுதி பிளான்ட்டில் அதே குதிரைத்திறன் மோட்டார் இருக்கிறது. அதைக் கழற்ற உங்கள் அனுமதி வேண்டும். 1 மணி வரை பதில் இல்லையென்றால் இப்படியே ஓட்டுவோம். ஈரப்பதம் 45க்குக் கீழே போனால் இன்னும் இரண்டு பிரேம்களை நிறுத்துவோம்.”

நீளம் கூடியிருக்கிறது, உண்மைதான். படிக்க ஒரு நிமிடம் ஆகும். ஆனால் இதில் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில்.

முதலில் 14ஆம் பிரேம் ‘முடிந்தது’ பட்டியலிலிருந்து ‘பாக்கி’க்கு இறங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். சக்கரம் மாற்றும் வேலை எட்டு மணி நேர ஷிப்டில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும். ஆட்கள் கிரீஸ் கையோடு நிற்கிறார்கள். ‘முடிந்தது’ என்று எழுத மனம் துடிக்கும். ஆனால் கவுண்ட் மாற்றம் என்பது சக்கரம் மாட்டியதும் முடிகிற வேலையல்ல, லீ டெஸ்ட் 60 காட்டும்போது முடிகிற வேலை. எது வரை வந்தால் முடிந்ததாகக் கணக்கு என்பதை ஒவ்வொரு வேலைக்கும் மில் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தால் இந்தச் சபலம் எழாது. மோட்டார் மாட்டினால் போதாது, ஓடி ஒரு மணி நேரம் சூடு பார்த்திருக்க வேண்டும். பில்டர் மாற்றினால் போதாது, அழுத்தம் இறங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். சோதிக்கப்படாத எதுவும் ‘முடிந்தது’ பக்கம் போகக் கூடாது. ‘தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்ற வரியை எழுதவே கூடாது என்று தடை போட்டாலும் தகும். மிச்சம் பத்து எது என்பதைச் சொல்லாத வரை அந்தத் தொண்ணூறுக்கு மதிப்பில்லை.

அடுத்து டிராலி. சுருக்கம் எழுதுகிறவர்கள் வேலையைப் பற்றி எழுதுவார்கள், வேலை விட்டுச்சென்ற பொருளைப் பற்றி எழுத மறப்பார்கள். கழற்றிய வால்வு எங்கே, அது இருந்த இடத்தில் என்ன வைத்து மூடியிருக்கிறது, தப்பான கவுண்ட் காப்பு எந்த டிராலியில் நிற்கிறது, எந்த சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது. அடுத்து வருகிறவர் மோதுவது இவற்றின் மேல்தான். பல மில்களில் ஒவ்வொரு கவுண்டுக்கும் ஒரு நிறத்தில் காலி பாபின் வைத்திருப்பது கலப்பைத் தடுக்கத்தான். ஆனால் 58ம் 60ம் ஒரே பிரேமில், ஒரே நிறப் பாபினில் ஏறியவை. அந்த இடத்தில் நிறம் கைகொடுக்காது, எழுத்துதான் கைகொடுக்கும்.

மூன்றாவது பகுதிதான் மேனேஜருக்கானது. அதில் என்ன கெட்டது, எப்போது கெட்டது, எது வந்தால் தீரும், எப்போது வரும், அதுவரை என்ன செய்து வைத்திருக்கிறோம், உங்களிடம் என்ன கேட்கிறோம், நீங்கள் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வோம் என்று கதை நேராக ஓடுகிறது. கடைசிச் செய்திதான் பலர் எழுதாதது. மேனேஜர் தூங்கியிருக்கலாம், ரயிலில் இருக்கலாம். பதில் வராத நிலையில் என்ன நடக்கும் என்பதை எழுதிவிட்டால் முழுநைட்டு சூப்பர்வைசருக்குத் தவிப்பு இல்லை, காலையில் மேனேஜருக்கும் அதிர்ச்சி இல்லை. ‘45க்குக் கீழே போனால்’ என்று ஒரு எண்ணைப் போட்டதும் முக்கியம். ‘மோசமானால் நிறுத்துவோம்’ என்று எழுதியிருந்தால் மோசம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

எழுத்து மிகவும் சுருங்கினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23ஆம் தேதி ஒரு கோபுரத்தை மறுபடி இயக்கத் தொடங்கினார்கள். சுமார் 170 அடி உயரக் கோபுரம். இரவு ஷிப்ட் அதில் திரவத்தை ஏற்றத் தொடங்கி, பாதியில் நிறுத்தியது. அந்த ராத்திரியின் வேலையைப் பற்றி லாக் புத்தகத்தில் இருந்தது ஒரே ஒரு குட்டி வரி. யூனிட்டுக்குள் கொஞ்சம் திரவம் கொண்டுவரப்பட்டது என்ற அளவில்தான். எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்தக் குழாய்களில் நிற்கிறது, வெளியேறும் வால்வு திறந்திருக்கிறதா, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. காலை ஷிப்டின் மேற்பார்வையாளர் ஒருவர் தாமதமாக வந்ததால் அவருக்கு முந்தைய ஷிப்ட் ஆட்களிடமிருந்து நேரடி ஒப்படைப்பும் நடக்கவில்லை.

காலை ஷிப்ட் மேலும் ஏற்றியது. வெளியே போக வழி திறக்காமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் திரவம் ஏறிக்கொண்டே இருந்தது. அளவுமானி சரியான மட்டத்தைக் காட்டவில்லை, எச்சரிக்கை மணி ஒன்றும் வேலை செய்யவில்லை. கோபுரம் வழிந்து, ஆவி பரவி, பற்றி வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து 2007இல் அறிக்கை வெளியிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஆபரேட்டர், தொடர்ச்சியாக 29 நாட்களோ அதற்கு மேலோ, தினம் 12 மணி நேரம் வேலை செய்திருந்தார் என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

அந்த 29 நாட்களை நினைவில் வைத்துக்கொண்டுதான் ‘ஏன் ஒழுங்காக எழுதவில்லை’ என்று கேட்க வேண்டும். ஷிப்ட் சுருக்கம் எழுதப்படும் நேரம் ஒரு மனிதருடைய மூளை மிகவும் களைத்திருக்கும் நேரம். கம்பெனி பஸ் கிளம்பப் போகிறது, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், செருப்பைத் தேட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் எட்டு மணி நேரத்தை நினைவிலிருந்து எடுத்து எழுதச் சொன்னால் ‘மற்றவை ஓகே’தான் வரும். அனுபவப்பட்ட சூப்பர்வைசர்கள் கடைசியில் எழுதுவதே இல்லை. மோட்டார் எரிந்த 8.20க்கே பாக்கெட் நோட்டில் ஒரு வரி, வைண்டிங்குக்கு அனுப்பிய 9 மணிக்கு ஒரு வரி, சோதனை 58 காட்டியதும் ஒரு வரி. 11.50க்கு அவர்கள் செய்வது அவற்றை மூன்று தலைப்புக்குக் கீழே அடுக்குவது மட்டும். நேரத்தோடு எழுதியிருக்கும் சுருக்கத்தைப் பார்த்தாலே அது அப்படி எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். நேரமே இல்லாத சுருக்கம் பெரும்பாலும் வாசலில் நின்று எழுதியது.

சட்டமும் இங்கே ஒரு வேடிக்கையான வேலை செய்திருக்கிறது. இந்தியாவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 58ஆவது பிரிவு, ஒரே வகை வேலையில் இரண்டு அணித் தொழிலாளர்கள் ஒரே நேரத்தில் ஈடுபடும்படி ஷிப்டுகள் ஒன்றன் மேல் ஒன்று விழக் கூடாது என்றது. விதிவிலக்கு பெறலாம், ஆனால் பொது விதி அதுதான். தொழிலாளியைக் கணக்கில் காட்டாமல் கூடுதல் நேரம் வேலை வாங்குவதைக் கண்டுபிடிக்க உதவும் விதி என்ற முறையில் அது நியாயமானது. அதன் பக்க விளைவு, போகிறவரும் வருகிறவரும் இயந்திரத்தின் அருகே நின்று நிதானமாகப் பேச அட்டவணையில் நேரமே இல்லாமல் போனது. அந்த உரையாடல் நடந்தால் அது அவரவர் நல்ல மனதினால் நடக்கிறது. ஆகவே எழுத்தின் மேல் விழும் பாரம் நம் ஆலைகளில் அதிகம்.

அதற்காக எழுத்து மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் ஷிப்ட் ஒப்படைப்புக்குச் சொல்லும் வழிகாட்டுதலில் நேருக்கு நேர் பேச்சும் எழுத்தும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது. பராமரிப்பு வேலை ஒரு ஷிப்டிலிருந்து இன்னொரு ஷிப்டுக்கு நீளும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்றும், நீண்ட விடுப்புக்குப் பிறகு திரும்பி வருகிறவருக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. மில்லில் இதை நடைமுறையாக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வருகிற சூப்பர்வைசர் சுருக்கத்தைப் படித்ததும், பாக்கி, தடைபட்டது என்ற இரண்டு பகுதிகளையும் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். “14இல் 12.15க்கு லீ எடுக்கணும், 3ஆம் டிராலியைத் தொடக் கூடாது, சரிங்களா?” தப்பாகப் புரிந்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ‘ம்’ என்று தலையாட்டினால் தெரியாது.

சுருக்கம் அழுகத் தொடங்கிவிட்டதைக் காட்டும் அறிகுறி ஒன்று உண்டு. ஒரே பாக்கி வரி, எழுத்து மாறாமல், நாள்தோறும் வருவது. முந்தைய ஷிப்டின் செய்தியை எடுத்து நகல் செய்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பினால் அப்படித்தான் வரும். ‘5ஆம் பிரேம் அப்ரான் மாற்ற வேண்டும்’ என்று இரண்டு வாரம் வந்தால், படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். ஒவ்வொரு பாக்கிக்கும் அது முதலில் எழுதப்பட்ட தேதியை உடன் வைத்தால் இது நடக்காது. ‘5ஆம் பிரேம் அப்ரான், 3ஆம் தேதியிலிருந்து’ என்று 17ஆம் தேதி படிக்கும் மேனேஜருக்கு, அது இனி பாக்கியல்ல, எங்கேயோ தடைபட்டு நிற்கிறது என்று தானாகப் புரியும். அப்ரான் ஸ்டோரில் இல்லையா, ஆள் இல்லையா, இல்லை பிரேமை நிறுத்த உற்பத்திப் பிரிவு விடவில்லையா என்று அவர் கேட்பார். பெரும்பாலும் மூன்றாவதுதான் காரணமாக இருக்கும்.

தடைபட்டதை எழுதத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. ‘மோட்டார் இல்லை’ என்று எழுதினால் ஸ்டோர் பொறுப்பாளரைப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடுமோ, ‘அனுமதி வேண்டும்’ என்று எழுதினால் உனக்கு இதுகூடத் தெரியாதா என்று திட்டு விழுமோ என்ற பயம். அந்தப் பயம் பெரும்பாலும் அனுபவத்திலிருந்து வந்தது. ஒருமுறை குழுவில் எல்லோர் முன்னிலையிலும் “மோட்டார் எரியும்வரை என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்று பதில் வாங்கிய சூப்பர்வைசர், அடுத்த முறை ‘வேலை நடக்கிறது’ என்றுதான் எழுதுவார். அவரைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை.

எனவே மேனேஜர்களிடம் ஒரு வேண்டுகோள். சுருக்கம் வந்ததும் தடைபட்டது என்ற பகுதியை முதலில் படியுங்கள். அதில் கேட்டிருக்கும் கேள்விக்கு அடுத்த ஷிப்ட் வேலையைத் தொடங்கும் முன் ஒரு வரியில் பதில் போடுங்கள். ‘மோட்டாரைக் கழற்றுங்கள்’ அல்லது ‘கழற்ற வேண்டாம், இரண்டு பிரேம் நிற்கட்டும்’. இரண்டில் எதுவானாலும் சரி. ஏன் எரிந்தது என்ற விசாரணையை மறுநாள் பகலில், குழுவுக்கு வெளியே, நேரில் வைத்துக்கொள்ளுங்கள்.